226 காட்டிய பிளக்கும் ஓடாத மிக்சியும்

ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஊர்களில், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பழுது பார்க்கப்பட்ட வீடுகளில், ஒரே வகைக் கோளாறை அடிக்கடி பார்த்து வருகிறேன். முன்பகுதி பழைய ஓட்டு வீடாகவே நிற்கும். அங்கே மரப்பட்டையின்மேல் ஒற்றைக் கம்பி அலுமினிய ஒயர் ஓடும். பின்பகுதி புயலில் விழுந்துவிட்டதால் அங்கே தளம் போட்டு, சுவருக்குள் பைப் பதித்து, புதுச் செப்பு ஒயர் இழுத்திருப்பார்கள். பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றி, பெட்டியை மூடிவிட்டு, கரண்ட் வந்தால் போதும் என்ற அந்த நாள்களின் அவசரத்தில் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். சில ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒருநாள், “பின்பக்கம் மட்டும் லோ வோல்டேஜாக இருக்கிறது” என்று நமக்கு ஆள் வரும்.

அப்படி வந்த ஒரு வேலையை, என்னிடம் தொழில் பழக வந்த பையனை வைத்துக்கொண்டு மல்டிமீட்டரால் படிப்படியாகத் தேடி முடித்த கதையை இங்கே எழுதுகிறேன். இந்தக் கோளாறு மீட்டரையே பொய்யாக்குவதுபோலத் தோன்றும் கோளாறு என்பதால், தேடும் முறையைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு அமைந்ததில்லை.

பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு முடித்தவன். கைவேலை சுத்தம்; ஒயரின் தோலைச் சீவினால் ஒரு இழைகூட அறுபடாது. ஆனால் வாய் திறக்க மாட்டான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், புரிந்ததா என்று கேட்டாலும் அதே தலையாட்டல்தான். வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொள்வான். புரியாததைக் கேட்கக் கூச்சப்படுகிறவனுக்கு மின்சார வேலை ஆபத்தானது. பேசச் சொல்லி வற்புறுத்தினால் இன்னும் சுருங்கிப்போவான் என்று தெரிந்ததால், அவனுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கொடுத்து, பக்கத்துக்கு மூன்று கட்டம் போடச் சொன்னேன். முதல் கட்டத்தில் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது. இரண்டாவதில் மீட்டர் என்ன காட்டும் என்று அவன் நினைக்கிறான் என்பது. மூன்றாவதில் உண்மையில் என்ன காட்டியது என்பது. இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் மீட்டரின் முனை எதையும் தொடக்கூடாது என்பது மட்டும்தான் நான் வைத்த விதி.

அந்த வீட்டுப் பெரியம்மா சொன்ன புகாரில் பாதி விடை இருந்தது. பின்கட்டு அறையில் ஃபேன் சில மாதங்களாக மெதுவாகச் சுற்றுகிறது. யாரோ வந்து கன்டென்சரை மாற்றினார்கள், அப்புறம் ரெகுலேட்டரை மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. சமையலறையில் மிக்சியைப் போட்டால் உறுமுகிறதே தவிர ஓடவில்லை. கடைக்கு எடுத்துப் போனால் அங்கே நன்றாக ஓடுகிறது. எல்.இ.டி. பல்புகள் மட்டும் பளிச்சென்று எரிகின்றன, ஆனால் மிக்சியைப் போட்டவுடன் அவையும் அணைந்துவிடுகின்றன. முன்கூடத்தில் எந்தக் குறையும் இல்லை.

எல்.இ.டி. பல்பு எரிவதை வைத்து வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று யாரும் முடிவு செய்யக்கூடாது. அதற்குள் இருக்கும் சிறு சுற்று வோல்டேஜ் பாதியாகக் குறைந்தாலும் பல வேளைகளில் ஈடுகட்டிக்கொள்ளும். பழைய குண்டு பல்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வோல்டேஜ் குறைந்தால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஒரு 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடும் ஒயரோடும் இன்றும் பையில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு மீட்டருக்கு நிகராக வேலை செய்தது அந்தப் பல்புதான்.

எதையும் அளப்பதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து, கரண்ட் போகும் வழியை நோட்டில் வரையச் சொன்னேன். திண்ணையில் மெயின் பெட்டி. அங்கிருந்து கூடத்தின் முகப்பில் முதல் ஜங்ஷன் பெட்டி, கூடத்தின் பின்கதவருகே இரண்டாவது, நடையில் மூன்றாவது, புதிய தளம் போட்ட அறையின் வாசலில் நான்காவது, அதன்பின் சமையலறை பிளக். முன்கூடம் நன்றாக இருக்கிறது, பின்கட்டு முழுவதும் கெட்டிருக்கிறது என்றால், கோளாறு ஃபேனிலும் இல்லை, மிக்சியிலும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாகப் போகிற ஒரு ஜோடி ஒயரில் எங்கேயோ இருக்கிறது. கன்டென்சருக்கும் ரெகுலேட்டருக்கும் செலவழித்த பணம் இந்தப் படத்தை யாரும் வரையாததால் போன பணம்.

மீட்டரைக் கையில் கொடுத்தேன். கறுப்பு ஒயர் பொதுத் துளையில், சிவப்பு ஒயர் வோல்ட்டும் ஓமும் குறித்த துளையில். ஆம்பியர் துளையில் சிவப்பைச் செருகியபடி பிளக்கில் வைத்தால், அது இரண்டு ஒயரையும் ஒரு கம்பியால் நேராக இணைப்பதற்குச் சமம். மீட்டர் வெடித்து முகத்தில் தெறிக்கக்கூடும். அதனால் துளையைப் பார்ப்பதும், ஒயர்களின் தோல் எங்கும் கிழியவில்லை என்று தடவிப் பார்ப்பதும், திருகியை ஏ.சி. 750-இல் வைப்பதும், நிச்சயமாகக் கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒவ்வொரு முறையும் முதலில் நடக்க வேண்டும். கூடத்துப் பிளக்கில் 227 காட்டியது.

அதோடு விடாமல், அதே கூடத்துப் பிளக்கில் பெரியம்மாவின் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு மெயின் பெட்டியில் அளக்கச் சொன்னேன். 226. மேலும் கீழும் ஒன்றிரண்டு வோல்ட் ஆடியது. வயல்களில் பம்ப்செட் ஓடும் நேரம் என்பதால் அது இயல்பு. நாலு ஆம்பியருக்கு மேல் இழுத்தும் இவ்வளவுதான் குறைகிறது என்றால், கம்பத்திலிருந்து வீடு வரை வருகிற ஒயர்களில் குறை இல்லை. ‘லோ வோல்டேஜ்’ என்ற புகாரை மின்வாரியத்தின் தலையில் வைக்க முடியாது, கோளாறு வீட்டுக்குள்தான்.

அடுத்து சமையலறை. பின்கட்டில் இருந்த ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிளக்கில் என்ன வரும் என்று எழுதச் சொன்னேன். சிறிது யோசித்து 150 என்று எழுதினான். மிக்சி உறுமுகிறது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் வோல்டேஜ் குறைவாகத்தானே இருக்க வேண்டும், நியாயமான கணிப்பு. மீட்டர் 226 காட்டியது.

அவன் மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் மீட்டரைப் பார்த்தான். வந்ததிலிருந்து முதன்முறையாக அவனாகவே பேசினான். “மீட்டர் கெட்டுப்போச்சாண்ணே?”

“முன்னாடி போய் வெச்சுப் பாரு” என்றேன். ஓடிப்போய்க் கூடத்துப் பிளக்கில் வைத்துவிட்டு வந்தான். 227. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில்தான் பலர் தவறிப் போகிறார்கள். டெஸ்டர் எரிகிறது, மீட்டர் 226 காட்டுகிறது, ஆகவே ஒயரிங் சரி, மிக்சிதான் பழுது என்று எழுந்துவிடுவார்கள். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஏறத்தாழ ஒரு கோடி ஓம். 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் ஒரு ஆம்பியரின் லட்சத்தில் இரண்டு பங்கு அளவுதான். வழியில் ஒரு கெட்ட இணைப்பு 250 ஓம் தடையோடு உட்கார்ந்திருந்தாலும், அவ்வளவு சிறிய கரண்ட் அதைத் தாண்டும்போது ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குகூடக் குறையாது. இணைப்பில் வோல்டேஜ் விழ வேண்டுமானால் அதன் வழியாகக் கரண்ட் ஓட வேண்டும். எதுவும் ஓடாத நேரத்தில் அளந்தால் கெட்ட ஒயரும் நல்ல ஒயரும் ஒன்றுபோலவே தெரியும். இதை அவனிடம் சொல்லிவிட்டு, நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘சுமை இல்லாமல்’ என்று எழுதச் சொன்னேன். சுமையோடு அளந்ததா, இல்லாமல் அளந்ததா என்று குறிக்காத எண்ணை நான் மதிப்பதில்லை.

இப்போது 100 வாட் பல்பைச் சமையலறைப் பிளக்கில் போட்டோம். அது மஞ்சளாக, மங்கலாக எரிந்தது. எரியும்போதே அதே பிளக்கில் அளந்தால் 140. முன்கூடத்தில் அப்போதும் 226. ஆக, மெயின் பெட்டிக்கும் சமையலறைக்கும் நடுவில் 86 வோல்ட் எங்கேயோ தொலைகிறது.

மிக்சியையே சுமையாக வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். இரண்டு காரணங்களுக்காக நான் வைப்பதில்லை. பாதி வோல்டேஜில் மோட்டார் சுற்றாமல் நின்று உறுமினால் சுருள் கருகிவிடும். மேலும், மோட்டாரில் கரண்டும் வோல்டேஜும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. அதனால் பகுதி பகுதியாக அளந்த வோல்ட்டுகளைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவராது. குண்டு பல்பில் கூட்டல் கணக்கு அப்படியே வரும். கற்றுக்கொள்கிறவனுக்குக் கணக்கு வந்தால்தான் மீட்டரின்மேல் நம்பிக்கை வரும்.

தொலைவது கரண்ட் வருகிற ஃபேஸ் ஒயரிலா, அது திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரிலா என்பது அடுத்த கேள்வி. இதற்கு மூன்று பின் பிளக்கின் எர்த்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் நம் ஊர் வீடுகளில் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பதும், ஒயர் இருந்தும் மண்ணுக்குள் உள்ள பைப் துருப்பிடித்துச் செத்துப்போயிருப்பதும் சகஜம். சந்தேகத்துக்குரிய ஒன்றை வைத்து இன்னொன்றை அளந்தால் இரண்டையும் நம்ப முடியாது. ஆகவே ஒரு நீளமான ஒற்றை ஒயரை மெயினை நிறுத்திவிட்டு மெயின் பெட்டியின் நியூட்ரல் கட்டையில் இறுக்கி, வீட்டின் நடுவே தரையோடு இழுத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்தோம். அதன் முனையில் உள்ள கிளிப்பை மீட்டரின் கறுப்பு முனையோடு சேர்த்துவிட்டால், வீட்டின் எந்த மூலையில் நின்று அளந்தாலும் மெயின் பெட்டியிலேயே நின்று அளப்பதுபோல ஆகிவிடுகிறது. சிவப்பு முனை மட்டும்தான் நகரும். ஒரு கை சும்மா இருக்கும். அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள் என்றேன். ஒரு கையில் தொட்டு மறு கையில் பாய்கிற கரண்ட் நெஞ்சைக் கடந்து போகிறது.

பல்பு எரிந்துகொண்டிருக்க, சமையலறையின் ஃபேஸ் துளையில் என்ன வரும் என்று எழுதினான். 226 வந்தால் ஃபேஸ் ஒயரில் எதுவும் தொலையவில்லை, 140 வந்தால் தொலைவதெல்லாம் ஃபேஸில்தான் என்று இரண்டு வரி எழுதியிருந்தான். இரண்டு விடைக்கும் என்ன பொருள் என்று அளப்பதற்கு முன்பே எழுதிவிட்டான். மீட்டர் காட்டியது 225. பிறகு நியூட்ரல் துளையில் வைத்தான். 85.

நோட்டில் கூட்டிப் பார்த்தான். 140-உம் 85-உம் 225. மெல்லச் சொன்னான்: “நியூட்ரல்லதாண்ணே.”

அந்த 85 வோல்ட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நியூட்ரல் என்று நம்பி யாராவது அந்தத் துளையையோ, அதோடு சேர்ந்த ஹோல்டரின் உலோகத்தையோ தொட்டிருந்தால் 85 வோல்ட் அடித்திருக்கும். மிக்சி போன்ற பெரிய சுமை போட்டிருக்கும் நேரத்தில் இது இன்னும் அதிகமாகி ஃபேஸை நெருங்கிவிடும். நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை, நியூட்ரல் முழுமையாக இருக்கும்வரைதான் செல்லும். பின்கட்டில் யாரும் ஸ்விட்சைத் தொட வேண்டாம் என்று பெரியம்மாவிடம் சொன்னோம். சொன்னது நான், அவன் அப்போதும் என் பின்னால்தான் நின்றான்.

இனி இடம் தெரிய வேண்டும். வழியில் நான்கு பெட்டிகள். பின்னாலிருந்து வரிசையாகத் திறந்து பார்க்கலாம் என்று பையன் ஏணியைத் தூக்கினான். நாலே பெட்டிக்கு அப்படிச் செய்வதால் பெரிய நட்டமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலோ ரைஸ் மில்லிலோ இருபது பெட்டி இருந்தால் அந்த நாளே போய்விடும். நடுவில் அளந்தால் ஒரே அளவில் பாதி வழி விசாரணையிலிருந்து விலகிவிடும். நடுவிலுள்ள பெட்டியில் நியூட்ரல் நன்றாக இருந்தால் அதற்கு முன்னால் உள்ள எல்லாம் சரி. அங்கேயே 85 இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளவற்றைத் திறக்கவே வேண்டாம். உண்மையில், கஜாவுக்குப் பிந்தைய வீடு என்று தெரிந்தவுடனேயே நடையில் உள்ள மூன்றாவது பெட்டியின்மேல்தான் எனக்குச் சந்தேகம். வேலையை முடிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தால் நேராக அங்கே போயிருப்பேன். ஆனால் என் சந்தேகம் இருபது வருடப் பழக்கத்தில் வந்தது. அதை அவனுக்குக் கொடுக்க முடியாது. பாதியாகப் பிரிக்கிற வழக்கத்தைக் கொடுக்க முடியும்.

கூடத்தின் பின்கதவருகே இருந்த இரண்டாவது பெட்டியிலிருந்து தொடங்கினோம். மெயினை நிறுத்தி, மீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் பார்த்து, பிறகு பெட்டியில் கரண்ட் இல்லை என்று பார்த்து, மறுபடியும் மீட்டரைக் கரண்ட் உள்ள இடத்தில் பார்த்த பிறகே கை வைத்தோம். மெயினை நிறுத்தியிருக்கும்போது கரண்ட் உள்ள இடம் என்பது மெயினுக்கு முன்னால் உள்ள முனைதான். அதைத் தொட்டுப் பார்க்கும் வேலையை நானே செய்தேன். நியூட்ரல் இணைப்பை அசைக்காமல், அதற்கு முன்னும் பின்னும் ஒயரின் தோலை நெல்மணி அகலத்துக்குச் சீவி, ஒயர்களை ஒன்றையொன்று தொடாதபடி விரித்துவிட்டு மெயினைப் போட்டோம். பையன் ‘1’ என்று எழுதியிருந்தான். இரண்டு பக்கமும் ஒரு வோல்ட்டுக்கு உட்பட்டே காட்டியது. முன்பகுதி விலகிவிட்டது. சீவிய இடங்களை டேப் போட்டு மூடிவிட்டு நடைக்குப் போனோம்.

நடையில் உள்ள மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் கருகிய வாடை வந்தது. அவன் கை உடனே டேப்பை உரிக்கப் போனது. நிறுத்தினேன். கெட்ட இணைப்பு பல நேரங்களில் கை பட்டவுடன் ‘சரியாகி’விடும், அளப்பதற்கு முன் அசைத்துவிட்டால் அப்புறம் எதையும் நிரூபிக்க முடியாது. முன்போலவே இரண்டு பக்கமும் தோலைச் சீவிவிட்டு, பல்பைப் போட்டு அளந்தான். முன்னாலிருந்து வரும் பக்கம் 1. பின்னால் போகும் பக்கம் 85. இறுதியாக, நீண்ட ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் அந்த ஒரே இணைப்பின் இரண்டு பக்கமும் வைத்தான்: 84. இரண்டு அங்குல நீளத்துக்கு மேல் இல்லாத ஒரு முறுக்குக்குள் அந்த 84 வோல்ட்டும் விழுந்துகொண்டிருந்தது. நல்ல இணைப்பாக இருந்தால் இந்த அளவு பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும்.

அங்கே எவ்வளவு சூடு உண்டாகிறது என்று கணக்குப் போடச் சொன்னேன். 100 வாட் பல்பு 230 வோல்ட்டில் 0.43 ஆம்பியர் இழுக்கும். 140 வோல்ட்டில் சற்றுக் குறைந்து 0.33 என்று வைத்துக்கொள்ளலாம். 84-ஐ 0.33-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 28 வாட். ரேடியோ பழுது பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை மரப்பட்டையின்மேல், ஓட்டுக்கடியில், மூடிய பெட்டிக்குள் போட்டுவைத்த மாதிரி. அந்தக் கணக்கை முடித்தபோது பையனின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மெயினை நிறுத்தி, கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, இன்னொன்றையும் செய்து பார்க்கச் சொன்னேன். அவன் படித்த இடத்தில், ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டரை ‘பீப்’ ஒலிக்கிற கன்டினியூட்டியில் வைக்கத்தான் பழக்கியிருந்தார்கள். அந்த ஜோடியை இரு முனையிலும் கழற்றிவிட்டு, இணைப்பை விரலால் லேசாக நிமிர்த்திவிட்டு அளந்தான். மீட்டர் பீப் என்று ஒலித்தது. ஓமில் பார்த்தால் ஒன்றிரண்டு ஓம்தான். இப்போது அவன் கேள்வி கேட்காமலே பதில் சொன்னான்: அசைத்ததில் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கிறது, மீட்டர் அனுப்பும் மிகச் சிறிய கரண்ட்டுக்கு அந்த ஒரு இழை போதும், பெரிய சுமை ஏறிச் சூடானால் அது மறுபடியும் விட்டுப்போகும். கன்டினியூட்டியால் முழுதாக அறுந்த ஒயரைக் கண்டுபிடிக்கலாம். பாதி ஒட்டியிருக்கிற இணைப்பை அது நல்லது என்றே சொல்லும். சுமையைப் போட்டு வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு சுருக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஓமிலோ கன்டினியூட்டியிலோ திருகியை வைத்துவிட்டு மறதியாகக் கரண்ட் உள்ள ஒயரைத் தொட்டுவிடக் கூடாது என்பதால், அளந்து முடித்தவுடன் திருகியை மறுபடியும் ஏ.சி. 750-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும்.

டேப்பை உரித்துப் பார்த்தோம். அலுமினியக் கம்பியின்மேல் செப்பு இழைகள் தளர்வாகச் சுற்றியிருந்தன. இடையில் வெள்ளைப் பொடி. இரண்டு ஒயரின் தோலும் பழுத்துக் கெட்டியாகி விரலால் நிமிண்டினால் உதிர்ந்தது. அலுமினியம் காற்றுப்பட்ட மாத்திரத்தில் தன்மேல் ஒரு படலத்தைப் பூசிக்கொள்கிறது. அந்தப் படலம் கரண்ட்டைக் கடத்தாது. சூட்டில் அது செம்பைவிட அதிகமாக விரியும். இறுக்கத்துக்குள் விரிந்து நசுங்கி, ஆறும்போது பழைய உருவத்துக்குத் திரும்பாமல் இடைவெளி விடும். ஓட்டுக்கூரையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் இன்னும் தளரும். புதிதாக முறுக்கி, புதிதாக டேப் சுற்றினால் அன்றைக்கு மிக்சி ஓடும்; மழைக்காலம் ஒன்றிரண்டு போனால் மறுபடியும் இதே பெட்டியில் ஏற வேண்டியிருக்கும். பக்கத்தில் இருந்த ஃபேஸ் இணைப்பும் இதே கலவைதான். இன்னும் கெடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மெயின் பெட்டியிலிருந்து பின்கட்டு வரை, நடுவில் எங்கும் இணைப்பில்லாமல் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் பி.வி.சி. பட்டைக்குள் இழுத்து, அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுகிற 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றை அதற்குத் தனியாக வைத்தோம். எர்த் பைப்பையும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தோம். அது கரண்ட் வேறு வழியில் கசிந்தால்தான் விழும். நியூட்ரல் இணைப்பு உள்ளே வெந்துகொண்டிருந்தால் அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று இணைப்புகளை அலட்சியம் செய்கிறவர்களைப் பார்த்திருப்பதால் இதையும் அவனிடம் சொல்லிவைத்தேன்.

வேலை முடிந்ததா என்பதையும் மீட்டர்தான் சொல்ல வேண்டும். சமையலறைப் பிளக்கில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அளக்கப் போகிறோம், எவ்வளவு குறையும் என்றேன். இம்முறை வெறும் ஊகமாக எழுதாமல் கணக்குப் போட்டான். தூரம் 18 மீட்டர், போக வர 36. இந்த அளவு செப்பு ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்கு ஏழரை ஓம் என்று கொண்டால் 0.27 ஓம், 4.3 ஆம்பியருக்கு ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். திருகுகளையும் ஸ்விட்சையும் சேர்த்து 2 என்று எழுதினான். மெயின் பெட்டியில் 226, சமையலறையில் 224. அரைமணி நேரம் இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு, மறுபடியும் அளந்தபோதும் அதே வித்தியாசம்தான். சூட்டில் எண் மாறாமல் இருப்பதுதான் திருகுகள் இறுகியிருப்பதற்குச் சான்று.

“இனிமே லோ வோல்டேஜ் வராதா தம்பி?” என்று பெரியம்மா என்னைக் கேட்டார். நான் பையனைப் பார்த்தேன். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எண்களைக் காட்டி, குனிந்த தலையோடுதான் என்றாலும், அவனே சொன்னான்: “பின்பக்கம் வராதும்மா. முன்பக்கத்து ஒயர் பழசு. அதையும் மாத்தணும்.”

சில வாரங்கள் கழித்து வேறொரு வீட்டிலிருந்து தனியாகப் போனில் அழைத்தான். மாடி அறையில் இதே போன்ற புகார். வணக்கம்கூடச் சொல்லாமல் எண்களை வாசித்தான். மெயினில் 225, மாடியில் சுமை இல்லாமல் 225, பல்பு போட்டால் 180. நீண்ட ஒயரிலிருந்து மாடி நியூட்ரலுக்கு 1, ஃபேஸுக்கு 181. ஆக, இம்முறை தொலைவது ஃபேஸில். எம்.சி.பி.யின் மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் நடுவில் வைத்தால் 44. திருகில் ஒயர் தளர்ந்திருக்கிறதா, எம்.சி.பி.க்கு உள்ளேயா என்று கேட்டேன். ஒயருக்கும் திருகுக்கும் நடுவில் மேலேயும் கீழேயும் பூஜ்யம்தான், உள்ளேதான் கெட்டிருக்கிறது, மெயினை நிறுத்தியாயிற்று, அதே அளவில் புது எம்.சி.பி. வாங்கக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்றான்.